வருடத்தை மட்டும் மாற்றி அனுப்பும் இயக்குநர்கள் அறிக்கை

கேள்வி: கோவையில் மோட்டார் பம்புகளுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. நானும் கணவரும்தான் இயக்குநர்கள். 14 பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் பழைய இயக்குநர்கள் அறிக்கையில் வருடத்தையும் தொகைகளையும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். இந்த முறை விற்பனை 3.10 கோடியிலிருந்து 2.72 கோடிக்கு இறங்கிவிட்டது. எங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிய வாடிக்கையாளர் ஜூன் மாதத்தோடு ஆர்டரை நிறுத்திவிட்டார். இரண்டு வருடத்துக்கு மேலாக வராத 11 லட்சம் பாக்கிக்கு ஒதுக்கீடு செய்யவில்லை என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதப் போகிறாராம். வங்கியில் ஓ.டி. புதுப்பிக்க வேண்டிய நேரம் இது. இதையெல்லாம் எழுதித்தான் ஆக வேண்டுமா? எவ்வளவு எழுதுவது? போன வருட அறிக்கையையும் இந்த வருடக் கணக்கையும் இணைத்திருக்கிறேன்.
(ஒரு வாசகி, கோவை)

பதில்: எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய போன வருட அறிக்கை ஒன்பது பக்கம். அதில் பாதிக்கு மேல் உங்கள் கம்பெனிக்குத் தேவையே இல்லாதது. தேவையான சில விஷயங்களோ அதில் இல்லவே இல்லை.

முதலில் அளவைச் சரிசெய்துகொள்வோம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 134-வது பிரிவு எல்லாக் கம்பெனிகளுக்கும் இயக்குநர்கள் அறிக்கையைக் கட்டாயமாக்குகிறது. சட்டம் சொல்லும் 'சிறு கம்பெனி'களுக்கு மட்டும், 2018 ஜூலை முதல், விதி 8ஏ என்ற சுருக்க வடிவம் இருக்கிறது. பங்கு மூலதனம் 4 கோடி, விற்பனை 40 கோடி என்று 2022 முதல் இருந்த வரம்பை 2025 டிசம்பரில் 10 கோடி, 100 கோடி என்று உயர்த்திவிட்டார்கள். எந்த வரம்பை வைத்துப் பார்த்தாலும் நீங்கள் உள்ளேதான். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்கள் கம்பெனி இன்னொரு கம்பெனிக்குத் துணை நிறுவனமாகவோ, இன்னொரு கம்பெனியைத் துணை நிறுவனமாக வைத்திருப்பதாகவோ இருந்தால், எவ்வளவு சிறியதானாலும் இந்தச் சலுகை கிடைக்காது. உங்கள் கணக்கில் அப்படி எதுவும் தெரியவில்லை.

விதி 8ஏ கேட்பவை சொற்பம்தான். வருடத்தில் எத்தனை போர்டு மீட்டிங் நடந்தது, கம்பெனியின் நிலைமை, கணக்கின் சுருக்கம், ஆடிட்டரின் ஆட்சேபத்துக்கு விளக்கம், ஆடிட்டர் கண்டு சொன்ன மோசடி ஏதாவது இருந்தால் அது, இயக்குநர் யாராவது சேர்ந்தாரா விலகினாரா, நீதிமன்ற உத்தரவு ஏதும் கம்பெனியைப் பாதிக்கிறதா, ஆண்டு முடிந்த பிறகு வந்த முக்கிய மாற்றம், இயக்குநர்களின் பொறுப்பு வாக்குமூலம், உறவினரோடு செய்த ஒப்பந்தங்கள். இணையதளம் இருந்தால் மட்டும் அதன் முகவரி. நாலு பக்கத்தில் முடிந்துவிடும்.

இப்போது உங்கள் பழைய அறிக்கைக்கு வருகிறேன். அதில் 'சுயேச்சை இயக்குநர்கள் தங்கள் உறுதிமொழியை அளித்துள்ளார்கள்' என்று ஒரு பத்தி இருக்கிறது. உங்களிடம் சுயேச்சை இயக்குநர் எங்கே? 'ஆண்டு விவர அறிக்கை எங்கள் இணையதளத்தில் வைக்கப்பட்டுள்ளது' என்கிறது இன்னொரு வரி. உங்களுக்கு இணையதளமே இல்லை. சமூகப் பொறுப்புக் குழு கூடியதாகவும் எழுதியிருக்கிறது. இவை எல்லாம் ஏதோ பெரிய லிஸ்டட் கம்பெனியின் அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியவை. கூடுதலாகச் சொன்னால் தப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நடக்காத ஒன்றை நடந்ததாகக் கையெழுத்திட்டு அரசிடம் தாக்கல் செய்வது பொய் வாக்குமூலம், 448-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. இந்த வருடம் அந்தப் பத்திகளை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். 'பொருந்தாது' என்று கூட எழுத வேண்டாம்.

சரி, முக்கியமான விஷயம் அந்த 11 லட்சம்.

கணக்குக்கு இன்னும் போர்டு ஒப்புதல் தரவில்லை என்பதால், ஒரு முடிவு உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கணக்கின்படி வரிக்கு முந்தைய லாபம் 9.4 லட்சம். பாக்கி வராமல் போகலாம் என்று முழுத் தொகையையும் லாபத்திலிருந்து கழித்து ஒதுக்கீடு செய்தால் அது 1.6 லட்சம் நஷ்டமாக மாறும். செய்யாவிட்டால் 9.4 லட்சம் லாபம் காகிதத்தில் நிற்கும். ஆனால் ஒதுக்கீடு செய்திருந்தால் லாபம் 11 லட்சம் குறைந்திருக்கும் என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் தொகையோடு எழுதிவிடுவார். வங்கி மேலாளர் அந்தக் கழித்தலை ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார். அப்புறம் உங்களிடம் இருப்பது நஷ்டமும், அதோடு சேர்ந்த ஒரு ஆட்சேபமும். நஷ்டம் காட்டிய சுத்தமான அறிக்கையைவிட இதுதான் ஓ.டி. புதுப்பிப்பில் அதிகக் கேள்வியைக் கிளப்பும்.

ஆகவே, பணம் வரும் என்பதற்குக் காகிதத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாக்கி சரி என்று அந்த வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த கடிதம், மார்ச்சுக்குப் பிறகு வந்த சிறு தொகை, தவணை ஒப்பந்தம் போன்றவை ஆதாரம். 'அவர் நல்ல மனுஷன், கொடுத்துவிடுவார்' என்பது ஆதாரம் ஆகாது. ஆதாரம் இருந்தால் ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், முழுத் தொகைக்குப் பதில் ஒரு பகுதிக்கு ஒதுக்கீடு போதும் என்று அவர் ஒத்துக்கொள்ளக்கூடும். இல்லையென்றால் ஒதுக்கீடு செய்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒதுக்கீட்டுக்கு வருமான வரியில் கழிவு கிடைக்காது, வாராக்கடன் என்று எழுதித் தள்ளினால்தான் கிடைக்கும். அதையும் ஆடிட்டரோடு பேசிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பாக்கி இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டது. வழக்குப் போடுவதற்கான காலக்கெடு பொதுவாக மூன்று வருடம். அதற்குள் எழுத்தில் ஒரு ஒப்புதல் வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து காலக்கெடு புதிதாக ஓடும். பில் போட்ட சமயத்தில் உங்களுக்கு உத்யம் பதிவு இருந்திருந்தால், குறு, சிறு தொழில் சட்டப்படி வட்டியோடு கேட்டு வசதி மன்றத்தில் மனு கொடுக்கலாம். அப்படி மனு கொடுத்திருந்தால் அறிக்கையில் அதைச் சொல்ல முடியும். சொல்வதற்கு ஏதாவது செய்திருக்க வேண்டும் அல்லவா?

ஒதுக்கீடு செய்ய வேண்டாம் என்றே நீங்கள் இருவரும் முடிவெடுத்தால், ஆடிட்டரின் ஆட்சேபத்துக்கு அறிக்கையில் பதில் எழுதியே ஆக வேண்டும். 'ஆடிட்டரின் குறிப்புகள் தாமே விளங்குபவை, மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை' என்று உங்கள் பழைய அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதே, ஆட்சேபம் எதுவும் இல்லாத வருடத்தில் அது ஓடிவிடும். ஆட்சேபம் இருக்கும் வருடத்தில் அதே வரி சட்டமீறல். இதற்காக மட்டுமே கம்பெனிப் பதிவாளர் அபராதம் போடலாம். பதிலை இந்த மாதிரி எழுதலாம். தாக்கல் செய்யும்போது ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், இங்கே பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்:

'ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய ரூ.11 லட்சத்துக்கு ஒதுக்கீடு செய்யப்படவில்லை என்று தணிக்கையாளர் குறிப்பிட்டுள்ளார். அந்த வாடிக்கையாளர் இந்தத் தேதியிட்ட கடிதத்தில் பாக்கியை ஒப்புக்கொண்டு, மாதம் இவ்வளவு வீதம் செலுத்துவதாகத் தெரிவித்துள்ளார். அறிக்கைத் தேதி வரை இவ்வளவு வந்துள்ளது. எனவே முழுத் தொகையும் வசூலாகும் என்று போர்டு கருதுகிறது. நடப்பு ஆண்டின் இறுதியில் நிலுவை இருந்தால் அதற்கு ஒதுக்கீடு செய்யப்படும்.'

தொகை, காரணம், இதுவரை நடந்தது, இனிச் செய்யப்போவது என்று நாலும் இதில் இருக்கின்றன. இந்த நாலில் எதையாவது உங்களால் நிரப்ப முடியவில்லை என்றால், ஒதுக்கீடு செய்துவிடுவதே சரி என்று அர்த்தம்.

ஒன்றைக் கவனியுங்கள்: 'கவனத்துக்கு' என்று ஆடிட்டர் தனியாகப் போடும் பத்தி ஆட்சேபம் அல்ல, அதற்கு விளக்கம் கட்டாயமில்லை. எது எது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, கம்பெனியின் நிலைமையும் வரும் ஆண்டும். போன வருடம் 'உங்கள் கம்பெனி சிறப்பாகச் செயல்பட்டது, எதிர்காலம் பிரகாசமாக உள்ளது' என்று இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அதையே இந்த வருடமும் எழுதினால், கீழே வரும் கணக்குச் சுருக்கம் அதைப் பொய்யாக்கும். விற்பனை 38 லட்சம், அதாவது 12 சதவீதம் குறைந்திருக்கிறது. ஏன் குறைந்தது என்று படிப்பவர் தேடுவார். அதற்குக் காரணம் ஜூனில் போன வாடிக்கையாளர் அல்ல, அவர் போனது மார்ச்சுக்குப் பிறகு. கணக்கு ஆண்டில் ஏன் இறங்கியது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: எடை அதிகமுள்ள உருப்படிகளின் ஆர்டர் குறைந்ததா, விலை குறைந்ததா, இயந்திரம் நின்றதா? உங்கள் விற்பனைப் பதிவேட்டை உருப்படிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் அரை நாளில் தெரிந்துவிடும். அதை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள்.

வரும் ஆண்டைப் பற்றிய பார்வையை விதி 8ஏ தனியாகக் கேட்கவில்லை. அது உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் விஷயத்தில் அதை எழுதாமல் இருக்கக் கூடாது என்பேன். ஆண்டு முடிந்த பிறகு வந்த முக்கிய மாற்றத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது விதி. அதன் வாசகம் 'தொழிலின் தன்மையில்' ஏற்பட்ட மாற்றம் என்று குறுக்கமாக இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் போவது தொழிலின் தன்மை மாறுவது ஆகாது, ஆகவே சொல்ல வேண்டாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. எழுத்தின்படி அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதே அறிக்கையில் கம்பெனி தொடர்ந்து நடக்கும் என்ற அடிப்படையில் கணக்கைத் தயாரித்தோம் என்று நீங்கள் இருவரும் வாக்குமூலம் தருகிறீர்கள். விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு போனதை மறைத்துவிட்டு அந்த வாக்குமூலத்தைத் தருவது சரியாக இருக்காது. கம்பெனியின் நிலைமை என்ற தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், எந்த வாதமும் வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 2.72 கோடியில் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய 90 லட்சம். ஜூலையிலிருந்து மார்ச் வரை ஒன்பது மாதத்துக்கு இழப்பு 68 லட்சம் சுமார். இதில் எவ்வளவை வேறு இடத்திலிருந்து ஈடுகட்ட முடியும்? கையில் இருக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்களை மட்டும் கூட்டுங்கள். 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்ற நிலையில் உள்ளவற்றைச் சேர்க்காதீர்கள். பிறகு இப்படி எழுதலாம்:

'ஆண்டு முடிந்த பின், மொத்த விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கிவந்த ஒரு வாடிக்கையாளர் ஜூன் மாதத்தோடு ஆர்டரை நிறுத்திவிட்டார். இதனால் நடப்பு ஆண்டின் விற்பனை குறையும் என்று போர்டு எதிர்பார்க்கிறது. மற்ற வாடிக்கையாளர்களிடமிருந்து ரூ. இவ்வளவுக்கான ஆர்டர்கள் கையில் உள்ளன. இரண்டாவது ஷிஃப்ட் நிறுத்தப்பட்டுச் செலவு குறைக்கப்பட்டுள்ளது. வங்கித் தவணைகள் உரிய தேதியில் செலுத்தப்பட்டு வருகின்றன.'

கடைசி இரண்டு வாக்கியங்கள் உங்கள் விஷயத்தில் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயர் வேண்டாம், யாரும் அதைக் கேட்கவில்லை. அறிக்கை தாக்கலான பின் கட்டணம் செலுத்தும் எவரும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதைப் பார்க்கலாம், உங்கள் போட்டியாளர் உட்பட. வங்கிக்கு ஓ.டி. புதுப்பிப்புக்காகக் கொடுக்கும் வருங்கால மதிப்பீட்டில் விற்பனை 3.5 கோடி என்று போட்டுவிட்டு இங்கே விற்பனை குறையும் என்று எழுதினால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போவது அதே வங்கி அதிகாரிதான். இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வரட்டும்.

இனி, உங்கள் அறிக்கையில் விடுபட்டவை. விதி 8ஏ-யின் பட்டியலை மட்டும் பார்த்து எழுதுபவர்கள் எல்லோரும் தவறவிடும் இடம் இது, ஏனென்றால் இவை வேறு சட்டங்களில், வேறு விதிகளில் இருக்கின்றன.

உங்கள் கணக்கில் கணவரிடமிருந்து வாங்கிய கடன் 15 லட்சம் என்று இருக்கிறது. பிரைவேட் கம்பெனிக்கு இயக்குநரோ அவருடைய உறவினரோ கொடுக்கும் பணம் டெபாசிட் ஆகாது, ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை. கொடுக்கும்போதே 'இது நான் வேறு யாரிடமும் கடன் வாங்கிக் கொடுக்கும் பணம் அல்ல' என்று அவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படிப் பெற்ற பணத்தின் விவரத்தை கம்பெனி இயக்குநர்கள் அறிக்கையில் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை டெபாசிட் விதிகளுக்குள் இருப்பதால் பலர் கண்ணில் படுவதே இல்லை. ஒரு வரி போதும்: யாரிடமிருந்து, எவ்வளவு, வாக்குமூலம் பெறப்பட்டுள்ளது என்று. அந்த வாக்குமூலம் ஃபைலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் கணவர் வீட்டுக்கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கம்பெனியில் போட்டிருந்தால், அந்த வாக்குமூலத்தைத் தர முடியாது. அப்படியானால் இது வேறு பிரச்சினை, உங்கள் ஆலோசகரை நேரில் பாருங்கள்.

பட்டறைக் கட்டடம் மாமியார் பெயரில் இருக்கிறது, மாதம் 30,000 வாடகை போகிறது. இது உறவினரோடு செய்த ஒப்பந்தம். ஏஓசி-2 படிவத்தில் வர வேண்டியது. அதில் இரண்டு பகுதி உண்டு: சந்தை விலைக்கு மாறாகச் செய்த ஒப்பந்தம் முதல் பகுதி, சந்தை விலையில் செய்த முக்கியமான ஒப்பந்தம் இரண்டாவது. பக்கத்துப் பட்டறைகளின் வாடகையை ஒட்டியே நீங்கள் கொடுப்பதானால் இரண்டாவது பகுதியில் எழுதுங்கள். வருடத்துக்கு 3.6 லட்சம்தானே, முக்கியமில்லை என்று விட்டுவிடலாமா என்றால், உங்கள் லாபத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை அல்ல. தவிர கம்பெனிக்கு இருப்பது அந்த ஒரே இடம். நான் எழுதியே இருப்பேன். கணவரின் கடன் இந்தப் படிவத்தில் வராது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

14 பேர் வேலை செய்வதால் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும். பத்துப் பேர் இருந்தாலே புகாரை விசாரிக்க உள்குழு அமைக்க வேண்டும். ஆண்டில் வந்த புகார்களின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டமே கேட்கிறது. கம்பெனி விதிகளில் உள்ள விரிவான வெளியீடுகளிலிருந்து சிறு கம்பெனிக்கு விலக்கு இருந்தாலும் இந்தக் கடமை போகாது. போன வருட அறிக்கையில் 'குழு அமைக்கப்பட்டுள்ளது' என்று இருக்கிறது. உண்மையிலேயே அமைத்தீர்களா? வெளி உறுப்பினர் ஒருவர் வேண்டும், தலைவராக மூத்த பெண் ஊழியர் ஒருவர் வேண்டும். இல்லையென்றால் இப்போதாவது உத்தரவு போட்டு அமைத்துவிட்டு, அமைத்த தேதியோடு எழுதுங்கள். போர்டு மீட்டிங் நடத்தும் முறை பற்றிய செயலகத் தர நெறிகளைப் பின்பற்றியதாக ஒரு வரியும் வேண்டும், அது அந்த நெறிகளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

போர்டு மீட்டிங் எண்ணிக்கையில் பலர் தடுமாறுகிறார்கள். சிறு கம்பெனிக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒன்று, ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒன்று, இடையில் குறைந்தது 90 நாள். சட்டம் பார்ப்பது காலண்டர் வருடத்தை, அறிக்கை சொல்வது நிதி ஆண்டை. மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரையான தேதிகளை எடுத்து எழுதுங்கள். உங்கள் பழைய அறிக்கையில் ஆறு மீட்டிங் என்று இருக்கிறது. நடந்தவை ஆறா என்று புத்தகம்தான் சொல்ல வேண்டும்.

பொறுப்பு வாக்குமூலத்தில் உள்கட்டுப்பாடு பற்றிய உட்பிரிவு லிஸ்டட் கம்பெனிகளுக்கு மட்டும். அதை எடுத்துவிட்டு மற்ற ஐந்தையும் சட்டத்தின் வாசகத்திலேயே வையுங்கள், இங்கே சொந்த நடை வேண்டாம். அதில் 'பொருந்தும் சட்டங்களைக் கடைப்பிடிக்க முறையான ஏற்பாடு செய்துள்ளோம்' என்று ஒரு உட்பிரிவு வரும். பி.எஃப்., ஜி.எஸ்.டி. கட்டியதில் தாமதம் இருந்தால், கையெழுத்துக்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

தேதி வரிசையும் முக்கியம். கணக்கையும் இந்த அறிக்கையையும் போர்டு மீட்டிங்கில் வைத்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும், சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கும் தீர்மானம் செல்லாது. கணக்குக்கு ஒப்புதல், பிறகு ஆடிட்டர் கையெழுத்து, அன்றோ அதன் பிறகோ இயக்குநர்கள் அறிக்கை. உங்கள் போன வருட அறிக்கையில் ஆடிட்டரின் தேதிக்கு நான்கு நாள் முந்தைய தேதி இருக்கிறது. இன்னும் வெளிவராத ஆடிட்டர் அறிக்கைக்கு அதில் விளக்கமும் எழுதியிருக்கிறது. பதிவாளர் அலுவலகம் முதலில் பார்ப்பது இந்த மாதிரித் தேதிகளைத்தான். தவறு பிடிபட்டால் சட்டப்படி கம்பெனிக்கு 3 லட்சம், தவறிய ஒவ்வொரு அதிகாரிக்கும் 50,000 அபராதம். சிறு கம்பெனிக்கு அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பதால் உங்களுக்கு 1.5 லட்சமும் ஆளுக்கு 25,000-ம் வரை வரலாம்.

தலைவருக்குத் தனி அதிகாரம் கொடுக்கவில்லை என்றால் நீங்கள் இருவருமே கையெழுத்திட வேண்டும், பெயரோடு டின் என்ற இயக்குநர் அடையாள எண்ணும் வேண்டும். பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள், அது முடிந்த 30 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏஓசி-4 படிவம். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய். 2025 ஜூலை முதல் அந்தப் படிவத்தோடு இயக்குநர்கள் அறிக்கையின் சாரத்தையும் தனியாகத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அறிக்கையில் எழுதிய மீட்டிங் எண்ணிக்கையும் ஆட்சேபத்துக்கான விளக்கமும் அங்கேயும் அப்படியே வர வேண்டும். அதை நிரப்புபவர் உங்கள் ஆடிட்டர் அலுவலகத்துப் பையனாகத்தான் இருப்பார், அவரிடம் போன வருடத்துப் படிவம் திறந்திருக்கும். சமர்ப்பிப்பதற்கு முன் அந்தத் திரையை ஒருமுறை நீங்களே வாசித்துப் பாருங்கள்.